பட்டாணி அளவு கேரட்

என் மகள் சோற்றைக் கைவிட்டதற்குக் காரணம் நான்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது அவளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். முகம் சுளிக்காமல் அவள் சாப்பிட்டவை மொத்தம் ஆறு. வெள்ளைச் சோறு, பால், வாழைப்பழம், ஒரே ஒரு வகை பிஸ்கட், அவித்த முட்டையில் வெள்ளைப் பகுதி மட்டும், வறுத்த உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கலாமா என்று நானும் மனைவியும் ஒருநாள் விவாதித்தோம் என்றால் எங்கள் நிலைமை புரியும். இத்தனைக்கும் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது மசித்துக் கொடுத்த பூசணி, கேரட், பட்டாணி எல்லாவற்றையும் வாயைத் திறந்து திறந்து வாங்கியவள். ஒன்றரை வயதுக்கு மேல் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

பூசணியை வேகவைத்து, விழுதாக அரைத்து, அவளுடைய வெள்ளைச் சோற்றில் ஒரு தேக்கரண்டி கலந்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, சாப்பிட்டுவிட்டாள். உலகத்தையே வென்ற மாதிரி இருந்தது எனக்கு. இரண்டாம் நாள் இரண்டு தேக்கரண்டி. மூன்றாம் நாள் ஆசை மீறி இன்னும் கொஞ்சம். ஒரு வாய் வாங்கியவள் நிறுத்தினாள். சோற்றை உற்றுப் பார்த்தாள். வாயில் இருந்ததைக் கையால் வழித்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, தட்டைத் தள்ளினாள். அதற்குப் பிறகு பதினோரு நாட்கள் கலப்படமே இல்லாத சோற்றைக்கூடத் தொடவில்லை. ஆறு, ஐந்தாயிற்று.

இந்த மாதிரி குழந்தைகளுக்குத் தான் நம்பும் உணவு என்பது ஒரு வாக்குறுதி மாதிரி. அதே நிறம், அதே வழவழப்பு, அதே சூடு. அதில் எதையாவது ஒளித்து வைத்து அகப்பட்டுக்கொண்டால், ஒளித்த காய் போவதோடு நிற்பதில்லை, ஒளித்த இடமும் போய்விடுகிறது. அகப்படாவிட்டாலும் பெரிய லாபம் கிடையாது. வயிற்றுக்குள் பூசணி போயிருக்கும், ஆனால் பூசணியைப் பார்த்தோ முகர்ந்தோ கடித்தோ அவளுக்குப் பழக்கம் ஆகியிருக்காது. அரைத்துச் சேர்ப்பதே தவறு என்று சொல்லவில்லை. ‘இதில் பூசணி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுச் சேர்க்கலாம், அவள் கண் முன்னாலேயே கலக்கலாம். ஆனால் அவளுக்குப் பிடித்த அந்த ஐந்தாறு உணவுகளில் கை வைக்காமல், வேறு எதிலாவது.

சோறும் போன பிறகுதான் குழந்தை மருத்துவரிடம் போனோம். காய்கறி சாப்பிட வைக்க ஏதாவது மருந்தோ சத்து மாவோ எழுதித் தருவார் என்ற நினைப்பு. அவர் முதலில் கேட்ட கேள்விக்கும் காய்கறிக்கும் சம்பந்தமே இல்லை.

“பாப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறா?”

மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் எழுந்ததும் 200 மில்லி. பதினோரு மணிக்கு, சாப்பிடவில்லையே என்று 150. மத்தியானத் தூக்கத்துக்கு முன் 200. இரவு 250. கூட்டினால் 800 மில்லி. கொழுப்பு நீக்காத பாலில் 100 மில்லிக்குச் சுமார் 65 கலோரி. அப்படியென்றால் 520 கலோரி. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையே ஏறத்தாழ 1000 கலோரிதான். பாதி வயிறு பாட்டிலிலேயே நிறைந்துவிடுகிறது. மிச்சப் பாதிக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் போதும். பசியே இல்லாத ஒருத்தியிடம்தான் நாங்கள் பீன்ஸை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.6. இந்த வயதில் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகைக் கணக்கு. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு, மற்ற உணவிலிருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதையும் அது குறைக்கும். போதாததற்கு, இரும்புச் சத்து குறைந்தால் பசியும் மந்தமாகும். பால், பசியின்மை, மறுபடி பால் என்று ஒரு செக்கில் சுற்றிக்கொண்டிருந்தோம். இரும்புச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, அதைப் பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்றார்.

அவர் வேறு சில கேள்விகளும் கேட்டார். அவற்றையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வெறும் அடமா, வேறு ஏதாவதா என்று பிரிப்பது அவைதான். விழுங்கும்போது இருமல் வருகிறதா, புரை ஏறுகிறதா? கெட்டியான உணவு என்றாலே குமட்டி வாந்தி எடுக்கிறாளா? மலச்சிக்கல் உண்டா? எடை ஏறாமல் நிற்கிறதா, இறங்குகிறதா? கைவிட்ட உணவு சில வாரம் கழித்தாவது திரும்பி வருகிறதா, இல்லை போனது போனதுதானா? ஒரே பதத்தில் இருப்பதை மட்டும்தான் ஏற்கிறாளா, உதாரணமாக மொறுமொறுவென்று இருப்பதை மட்டும்? பேச்சு, விளையாட்டு எப்படி? இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உணவுப் பயிற்சி தரும் சிகிச்சையாளரிடம் போக வேண்டும். எங்கள் மகளுக்கு மலச்சிக்கல் மட்டும் இருந்தது. அதற்கும் பால் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். எடை வளர்ச்சி அட்டையில் தன் கோட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தது.

அந்த எடைக் கோட்டைக் காட்டி அவர் சொன்ன ஒரு விஷயம் என் அம்மாவின் பாதிக் கவலையைத் தீர்த்தது. முதல் வருடத்தில் குழந்தையின் எடை மூன்று மடங்காகிறது. 3 கிலோவில் பிறந்தது 9 கிலோ ஆகிவிடும். அடுத்த வருடம் முழுவதும் சேர்ந்து ஏறுவதே இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? நாங்கள் தட்டில் வைத்த அளவும் தவறு. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது ஒரு பழைய கணக்கு. இரண்டு வயது என்றால் ஒவ்வொரு உணவிலும் இரண்டு மேசைக்கரண்டி. நாங்கள் வைத்தது என் தட்டின் பாதி.

முதலில் பாலைக் குறைத்தோம். ஒரே நாளில் அல்ல, பத்து நாளில். பதினோரு மணிப் பாலை முதலில் எடுத்தோம். பிறகு மத்தியானப் பால். காலைக்கும் இரவுக்கும் 200, 200. பாட்டிலுக்குப் பதில் டம்ளர். டம்ளரில் கொடுத்தாலே பாதிதான் குடிக்கிறார்கள் என்பது தனிக் கண்டுபிடிப்பு. இரவு நான்கைந்து நாள் நல்ல அழுகை. “பச்சப்புள்ளைக்குப் பாலைக் குறைக்கிறீங்களேடா” என்று அம்மா என்னிடம் பேசாமலேயே இருந்தார். சாப்பாடு மூன்று வேளை, நடுவில் சிறுதீனி இரண்டு வேளை, இடையில் இரண்டரை மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. பிஸ்கட் டப்பா மேல் அலமாரிக்குப் போனது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மத்தியானம் சமையலறைக்கு அவளாகவே வந்து நின்றாள். “பசிக்குது” என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அதற்கு முன் நாங்கள் கேட்டதாக நினைவில்லை. சோறும் திரும்ப வந்தது.

காய்கறி மட்டும் வரவில்லை. பசி இருந்தாலும் அவள் முன் வைத்த கேரட் வைத்தபடியே இருந்தது. பசி வந்தால் புலியும் புல்லைத் தின்னும் என்று நம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தப் புலி தின்னாது.

இங்கேதான் நான் கொஞ்சம் படித்தேன். புதிய உணவைக் கண்டு பயப்படுவது இந்த வயதின் இயல்பு. இரண்டிலிருந்து ஆறு வயது வரை அது உச்சத்தில் இருக்கும். நடக்கத் தொடங்கி, கண்டதையும் வாயில் போடக்கூடிய வயதில், தெரியாத இலையையும் காயையும் சந்தேகப்படுகிற குழந்தைதான் பிழைத்திருக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கசப்பு அவர்கள் நாக்குக்கு நம்மைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. பரம்பரையாகவும் வருகிறது. என் அம்மாவிடம் கேட்டேன். “நீ ஏழு வயசு வரைக்கும் முட்டைக்கோஸ் வாசம் வந்தாலே தெருவுக்கு ஓடுவே” என்றார். இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

இந்தச் சந்தேகம் போக முக்கியமான வழி, அந்த உணவு நாக்கில் பலமுறை பட வேண்டும். தட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, ருசிக்க வேண்டும். லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களிலேயே இரண்டு வயதுக் குழந்தைகளிடம் இதைக் காட்டியிருக்கிறார். எட்டு முதல் பதினைந்து தடவை வரை ஆகலாம் என்பது இப்போது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாமோ மூன்று தடவை வைத்துவிட்டு, ‘இவளுக்கு இது பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

என் கண்ணைத் திறந்தது லண்டனில் ஜேன் வார்டல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. பெற்றோரே வீட்டில், இரண்டு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு, ஒரே ஒரு காயைத் தினமும் ஒரு சிறு துண்டு, 14 நாள் ருசிக்கக் கொடுத்தார்கள். பதினான்கு நாள் முடிவில் அந்தக் காயைக் குழந்தைகள் விரும்புவதும் சாப்பிடும் அளவும் கூடியிருந்தது. இதில் எனக்குப் பிடித்தது, இது சாப்பாடே இல்லை. வயிற்றை நிரப்பும் வேலை வேறு, நாக்குக்கு அறிமுகம் செய்யும் வேலை வேறு. இரண்டையும் ஒரே தட்டில், ஒரே நேரத்தில் செய்யப் பார்த்ததுதான் நாங்கள் தினமும் சண்டை போட்டதற்குக் காரணம்.

எந்தக் காய் என்பதை யோசித்துத்தான் எடுத்தேன். அவள் பார்த்தாலே அலறும் பீன்ஸ் வேண்டாம். கேரட்டில் இயல்பாக இனிப்பு இருக்கிறது, ஒரு காலத்தில் சாப்பிட்டிருக்கிறாள். உப்பு, எண்ணெய் எதுவும் இல்லாமல் ஆவியில் வேகவைத்தேன், விரல் நுனியில் அழுத்தினால் நசுங்கும் வரை. இந்த வயதில் பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பட்டாணி அளவுக்கு இரண்டு துண்டு. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. நேரம் மாலை ஐந்து மணி, இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். இடம் சாப்பாட்டு மேசை அல்ல, பால்கனிப் படி. பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம், துப்புவதற்கு. துப்பலாம் என்று தெரிந்தால்தான் வாயில் வைக்கத் துணிவு வரும்.

ருசித்தால் கையில் ஒரு ஸ்டிக்கர். நக்கினாலும் ருசித்ததாகக் கணக்கு. ‘கேரட் தின்றால் பிஸ்கட்’ என்ற பேரம் மட்டும் கிடையாது. ஓர் உணவைத் தின்றதற்கு இன்னோர் உணவைக் கூலியாகக் கொடுத்தால் கூலிதான் இனிக்கிறது, வேலை இன்னும் கசக்கிறது. வாயில் வைத்துப் பார்த்ததற்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் அப்படிக் கெடுப்பதில்லை. நான் என் துண்டைத் தின்பேன். “கேரட்” என்று பெயர் மட்டும் சொல்வேன். நல்லா இருக்கும், கண்ணுக்கு நல்லது, சாமர்த்தியசாலி, எதுவும் கிடையாது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ‘தொ’ என்றால் தொட்டாள். ‘மு’ முகர்ந்தாள். ‘ந’ நக்கினாள். ‘து’ கடித்துத் துப்பினாள். ‘வி’ விழுங்கினாள். ஒன்றும் இல்லையென்றால் கோடு.

முதல் நாள் கோடு. அவள் துண்டை பொம்மைக்கு ஊட்டினாள். இரண்டாம் நாள் தொ, நசுக்கிப் படியில் தேய்த்தாள். மூன்றாம் நாள் ந. நாக்கு நுனி பட்டும் படாமலும், ஸ்டிக்கருக்காகத்தான். நான்காம் நாளும் ந. ஐந்தாம் நாள் து, எலுமிச்சையைக் கடித்தவள் மாதிரி முகம். முகம் சுளிப்பதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழக்கமில்லாத சுவைக்கு முகம் தானாகவே அப்படிப் போகும், மறுநாளும் அவள் வந்து உட்கார்ந்தாள். ஆறு, ஏழு, து, து. எட்டாம் நாள் வழுக்கி உள்ளே போய்விட்டது. வி என்று எழுதினேன், ஆனால் அவள் ஏமாற்றப்பட்ட மாதிரி அழுதாள். ஒன்பதாம் நாள் கோடு. பத்தாம் நாளிலிருந்து காய்ச்சல், ஐந்து நாள் எதுவும் செய்யவில்லை. மருந்தோடும் நோயோடும் சேர்த்து நினைவில் பதிந்துவிட்டால் அந்தக் காய் அதோடு போச்சு. தேறிய பிறகு தொடங்கினால் மறுபடி ந-வில் நின்றது. இரண்டு நாளில் து. அடுத்த நாள் வி, இந்தத் தடவை தெரிந்தே. அதற்கடுத்த நாள் என் துண்டையும் எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்த நாட்களை மட்டும் எண்ணினால் பதின்மூன்று.

இந்த இடத்தில் நான் இன்னொரு தவறு செய்தேன். அன்று இரவே, ஆர்வம் தாங்காமல், அவள் தட்டில் ஐந்தாறு துண்டு வைத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சீண்டவில்லை. “மத்தியானம் தின்னாளே, இப்ப என்னங்க?” என்றாள் மனைவி. மத்தியானம் இல்லை, மாலை, அதுவும் பால்கனிப் படி. குழந்தைக்கு அது வேறு கேரட். மேசையில் அவள் கேரட் தின்ன அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆனது. வட்டமாக நறுக்கினால் வேண்டாம், சிறு கட்டமாக நறுக்கினால்தான். அதற்கு மேலும் ஒரு மாதம் கழித்து வட்டமும் செல்லுபடியானது.

மேசையில் நாங்கள் மாற்றியது ஒன்றுதான். என்ன வைப்பது, எப்போது, எங்கே என்பது எங்கள் பொறுப்பு. தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது அவள் பொறுப்பு. எலின் சாட்டர் என்ற உணவியலாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பங்கீடு இது. எழுத எளிது, உட்கார்ந்து பார்ப்பது கஷ்டம். அவள் தட்டில் நம்பும் உணவு ஒன்று எப்போதும் இருக்கும், மற்றவை நாங்கள் சாப்பிடுவதிலேயே ஒரு கரண்டி. இருபத்தைந்து நிமிடத்தில் தட்டு எழுந்துவிடும். ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ கிடையாது. 2006-இல் வந்த ஓர் ஆய்வில், பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு சூப் கொடுக்கும்போது முடித்துவிடும்படி சொல்லிக்கொண்டே இருந்த சூப்பைவிட, எதுவும் சொல்லாமல் வைத்த சூப்பைத்தான் அதிகம் குடித்தார்கள். சூப்பைப் பற்றிய புகாரும் அதில்தான் குறைவு.

அம்மாவிடம் இதை விளக்கிப் பயனில்லை. போனில் பாட்டு ஓடவிட்டு, அவள் வாய் பிளந்திருக்கும் நேரம் பார்த்து ஊட்டிப் பழகியவர். ஒருநாள், “நீ ஊட்டினா எவ்ளோ தின்னான்னு அவளுக்கே தெரியாதும்மா” என்றேன். “தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, வயிறு நிறையணும்” என்றார். கடைசியில் ஒரு சமாதானம்: மத்தியானச் சாப்பாடு அம்மாவுடையது, போன் மட்டும் வேண்டாம். பாட்டைத் தானே பாடினார். நோட்டில் எழுதும் வேலையையும் அம்மாவிடமே கொடுத்தேன். அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு முதல் ஆளாகப் படியில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

கேரட்டுக்குப் பின் பட்டாணி, பத்து நாளில் முடிந்தது. அதன் பின் துணிந்து பீன்ஸ். பதினைந்து நாளும் தொ-வைத் தாண்டவில்லை. நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்து மறுபடி வைத்தேன், மறுபடியும் தொ. சில காய்கள் வராமலே போகலாம். எனக்கும் முட்டைக்கோஸ் இன்றைக்கும் அவ்வளவாக ஆகாது. இடையில் கேட்காமலேயே முட்டையின் மஞ்சளைத் தின்னத் தொடங்கினாள். அதற்கு நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.8. அது காயால் அல்ல, இரும்புச் சொட்டாலும் பால் குறைந்ததாலும்.

இப்போது மூன்று வயது ஒரு மாதம். பட்டியலில் பதின்மூன்று உணவுகள். அதில் காய் என்று சொல்லத்தக்கவை நான்கு, உருளைக்கிழங்கைச் சேர்க்காமல்.

போன வாரம் காலிஃப்ளவர் தொடங்கினோம். இன்று ஆறாம் நாள். பூவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவள், யோசித்து, அதை என் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஸ்டிக்கருக்குக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. “மோந்துதானே பார்த்தா” என்றேன். “நக்கின மாதிரிதான் இருந்துச்சு” என்றார் அம்மா, நோட்டைப் பிடித்துக்கொண்டு. வாதாடிப் பார்த்துவிட்டு ‘மு’ என்று எழுதினார்.